ஜிக்சா சுடோகு: பெட்டி பார்த்துப் பழகிய கண்ணுக்கு எந்த வழி சரி?

வழக்கமான சுடோகுவைக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவர்கூட ஜிக்சா சுடோகுவில் முதல் நாலைந்து எண்களை வைப்பதற்குள் தடுமாறிவிடுவார். மாறியிருக்கும் விதி ஒன்றே ஒன்றுதான். 3×3 பெட்டிகளுக்குப் பதிலாக, ஒன்பது கட்டங்கள் ஒட்டிய கோணல்மாணலான துண்டுகள் ஒன்பது இருக்கின்றன. ஒவ்வொரு வரிசையிலும், நெடுவரிசையிலும், துண்டிலும் 1 முதல் 9 வரை ஒவ்வொரு எண்ணும் ஒருமுறை வர வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஆனால் நாம் எண்களைத் தேடும் முறை முழுக்க அந்தச் சதுரப் பெட்டியை நம்பியே வளர்ந்தது. அதனால் ஜிக்சாவில் எந்த முறையில் தேடுவது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

தேர்வுக்கு நான்கு வழிகள் உண்டு. பழைய பெட்டிப் பழக்கத்தையே தொடர்வது, துண்டு துண்டாகப் பார்ப்பது, வரிசையை அடிப்படையாக வைத்துப் பார்ப்பது, மிச்ச விதியைப் பயன்படுத்துவது. ஐந்தாவதாக எல்லாக் கட்டத்திலும் சாத்தியமான எண்களைப் பென்சிலில் எழுதிவைக்கும் முறையும் இருக்கிறது. அதைக் கடைசியில் சுருக்கமாகப் பார்க்கலாம். நான்கையும் ஒரே அமைப்பில் வைத்து ஒப்பிட்டால்தான் வித்தியாசம் தெரியும். அந்த அமைப்பு இது. ஒரே எழுத்து உள்ள கட்டங்கள் ஒரு துண்டு.

```
க க க க ச ச ச ட ட
க க ச ச ச ட ட ட ட
க த த ச ச ப ட ட ட
க த த த ச ப ப ம ம
க த த த ப ப ப ம ம
ய த ர ப ப ப ம ம ம
ய ய ர ர ர ல ல ம ம
ய ய ய ர ர ல ல ல ல
ய ய ய ர ர ர ல ல ல
```

கட்டத்தைக் குறிக்க (வரிசை, நெடுவரிசை) என்று எழுதுகிறேன். (6,1) என்றால் மேலிருந்து ஆறாவது வரிசை, இடமிருந்து முதல் கட்டம். கீழே வரும் எடுத்துக்காட்டுகள் எல்லாம் இந்த அமைப்பை நிரப்பும் ஏதோ ஒரு தீர்விலிருந்து எடுத்தவை. ஒரு தாளில் இதை வரைந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் எளிதாக இருக்கும்.

பழைய பழக்கம் எங்கே உடைகிறது

சாதாரண சுடோகுவில் நாம் முதலில் செய்வது என்ன? மேலே உள்ள மூன்று வரிசைகளை ஒரு பட்டையாகப் பார்க்கிறோம். ஓர் எண் முதல் வரிசையில் ஒரு பெட்டியிலும், இரண்டாம் வரிசையில் இன்னொரு பெட்டியிலும் இருந்தால், மூன்றாவது பெட்டியில் அது மூன்றாம் வரிசையில்தான் இருக்க வேண்டும். யோசிக்காமலே கை அங்கே போய்விடும்.

இந்த முடிவுக்கு ஆதாரம், மூன்று வரிசைகளும் மூன்று பெட்டிகளும் அதே 27 கட்டங்கள் என்பதுதான். ஜிக்சாவில் அந்த ஆதாரம் இல்லை. மேலே உள்ள அமைப்பில் (1,7) இல் 5, (2,6) இல் 5 இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது ச துண்டு, இரண்டாவது ட துண்டு. பழகிய கண் உடனே க துண்டுக்குத் தாவி, மூன்றாம் வரிசையில் அதற்கு இருக்கும் ஒரே கட்டமான (3,1) இல் 5 ஐப் போட்டுவிடும். தீர்விலோ க துண்டின் 5 இருப்பது (4,1) இல். மூன்றாம் வரிசையின் 5 இருப்பது (3,2) இல். அது த துண்டு. க துண்டு மூன்றாம் வரிசையோடு நிற்காமல் ஐந்தாம் வரிசை வரை இறங்குகிறது. த துண்டோ மூன்றாம் வரிசைக்குள் ஏறி வந்திருக்கிறது.

அந்த இரண்டு 5களால் கிடைக்கும் உண்மையான தகவல் வேறு. க துண்டில் 5 க்கு மிஞ்சியிருப்பவை (3,1), (4,1), (5,1). மூன்றும் முதல் நெடுவரிசையில் இருக்கின்றன. ஆகவே அந்த நெடுவரிசையின் 5 க துண்டுக்குள்தான். அப்படியானால் கீழே உள்ள ய துண்டில் (6,1), (7,1), (8,1), (9,1) நான்கிலும் 5 வராது. மேல் மூலையில் இருந்த இரண்டு எண்கள் கீழ் மூலையில் நான்கு கட்டங்களை அடைத்துவிட்டன. பட்டைப் பழக்கத்தில் இருப்பவருக்கு இது கண்ணிலேயே படாது. தவறான ஒன்றைப் போட்டு, சரியான ஒன்றை விட்டுவிடுவார்.

இந்தப் பழக்கத்தின் ஆபத்து அமைப்பைப் பொறுத்தது. துண்டுகள் பாம்பு போல நீண்டு வளைந்திருந்தால் யாரும் பட்டையை நம்ப மாட்டார்கள். துண்டுகள் கிட்டத்தட்ட சதுரமாக இருந்து, ஒன்றிரண்டு கட்டங்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அமைப்பில்தான் கை தானாகப் போய்த் தப்புப் பண்ணும். நம் அமைப்பில் (3,6) ஐப் பாருங்கள். சதுரப் பழக்கத்துக்கு அது மேல் நடுப்பெட்டி. உண்மையில் அது ப துண்டின் தலை. அச்சில் துண்டுகளின் எல்லைக்கோடு மெல்லியதாக இருந்தால் இந்த மாதிரிக் கட்டங்கள்தான் காலை வாரும். வெளிர் வண்ணப் பென்சிலால் துண்டுகளை நிறம் தீட்டிக்கொண்டால் பாதித் தப்பு குறையும். எந்த அமைப்பாக இருந்தாலும், ஒட்டிய துண்டுகள் வேறு வேறு நிறமாக இருக்க நான்கு வண்ணங்கள் போதும். வரைபடங்களுக்கான நான்கு வண்ணத் தேற்றம் இங்கேயும் செல்லும்.

ஆக, முதல் வழியைத் தேர்விலிருந்தே நீக்கிவிடலாம். மூன்று வரிசைகளை மூன்று துண்டுகள் மிச்சமில்லாமல் நிரப்பும் அபூர்வமான அமைப்பில் மட்டும் அது செல்லும். அப்படி நிரப்புகிறதா என்று முதலில் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அங்கேயும் நம்ப வேண்டும்.

துண்டு துண்டாகப் பார்ப்பது

இது பெட்டிப் பழக்கத்துக்கு மிக அருகில் இருப்பது. அதனால் பலரும் இதற்குத்தான் முதலில் மாறுகிறார்கள். ஒரு துண்டையும் ஓர் எண்ணையும் எடுத்துக்கொண்டு, சுற்றிலும் அந்த எண் எந்த வரிசைகளிலும் நெடுவரிசைகளிலும் இருக்கிறது என்று பார்த்து, துண்டில் கோடு போட்டுக்கொண்டே வருவது. முறை பழையதுதான். கோடுகளைத் தேடும் வரிசைமுறை மட்டும் மாற வேண்டும்.

சதுரப் பெட்டியில் எந்தக் கோடு வந்தாலும் மூன்று கட்டங்கள்தான் அடிபடும். அதனால் எந்தக் கோட்டை முதலில் பார்த்தாலும் ஒன்றுதான். காலியான பெட்டியில் வெறும் கோடுகளாலேயே ஒரு கட்டத்தைத் தனிமைப்படுத்த இரண்டு வரிசைகளும் இரண்டு நெடுவரிசைகளும், ஆக நான்கு கோடுகள் தேவை. ஜிக்சாத் துண்டில் ஒரு கோடு ஒரே ஒரு கட்டத்தையும் அடிக்கலாம், ஐந்தையும் அடிக்கலாம். க துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நெடுவரிசையில் அதற்கு 5 கட்டங்கள், முதல் வரிசையில் 4. மூலைக் கட்டம் (1,1) இரண்டிலும் சேர்ந்தது. இந்த இரண்டு கோடுகளும் அடிபட்டால் மிஞ்சுவது (2,2) மட்டுமே.

இப்போது (8,1) இல் 8, (1,5) இல் 8 கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது முதல் நெடுவரிசையை அடைக்கிறது, இரண்டாவது முதல் வரிசையை அடைக்கிறது. க துண்டின் 8 உடனே (2,2) இல் விழுகிறது. சதுரப் பெட்டியில் நான்கு எண்கள் கேட்கும் வேலை இங்கே இரண்டிலேயே முடிந்தது. மூன்றாம், நான்காம், ஐந்தாம் வரிசைகளில் 8 எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தால், ஒவ்வொன்றும் ஒரே ஒரு கட்டத்தைத்தான் அடித்திருக்கும்.

ஆகவே புதிரைத் தொடங்குமுன் ஒவ்வொரு துண்டுக்கும் அதன் முதுகெலும்பைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். எந்த வரிசையில் அல்லது நெடுவரிசையில் அந்தத் துண்டுக்கு அதிகக் கட்டங்கள்? க துண்டுக்கு முதல் நெடுவரிசை, முதல் வரிசை. ச துண்டுக்கு ஐந்தாம் நெடுவரிசை (4 கட்டங்கள்). ப துண்டுக்கு ஆறாம் நெடுவரிசை (4). ல துண்டுக்கு எட்டாம் வரிசை (4). எண்களைத் தேடும்போது முதலில் இந்த முதுகெலும்புக் கோடுகளை மட்டும் பாருங்கள். அங்கே எண் கிடைக்காவிட்டால் அந்தத் துண்டை விட்டு அடுத்ததற்குப் போய்விடலாம்.

இதோடு ஒட்டிய இன்னொரு மாற்றம் உண்டு. சதுரப் பெட்டி அமைப்பில் எந்தக் கட்டமும் சரியாக 20 கட்டங்களோடு மோதும்: வரிசையில் 8, நெடுவரிசையில் 8, பெட்டியில் மிச்சம் 4. ஜிக்சாவில் இது கட்டத்துக்குக் கட்டம் மாறும். (1,1) இன் துண்டுக்காரர்கள் பெரும்பாலும் அதன் வரிசையிலோ நெடுவரிசையிலோ இருப்பதால் அது மோதுவது 17 கட்டங்களோடு மட்டும். (2,2) மோதுவது 22 கட்டங்களோடு. ஒரே எண் மட்டும் மிஞ்சும் கட்டத்தைத் தேடுகிறவர், துண்டின் முதுகெலும்பில் இருக்கும் கட்டங்களை விட, அதிலிருந்து ஒதுங்கி நிற்கும் (2,2), (4,7) போன்றவற்றை முதலில் சோதிப்பது புத்திசாலித்தனம்.

வரிசையை அடிப்படையாக வைப்பது

சாதாரண சுடோகுவில் வரிசையை அடிப்படையாக வைத்து எண் தேடுவது கடைசிக் கட்டத்தில்தான். வரிசை ஏறக்குறைய நிரம்பிய பிறகு, மிஞ்சிய இடங்களைப் பார்ப்போம். ஜிக்சாவில் இதை முன்னாலேயே கொண்டுவர வேண்டும். பெட்டிப் பழக்கத்திலிருந்து வருபவர்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்துவதும் இதைத்தான்.

ஒரு வரிசையை எந்தெந்தத் துண்டுகள் எத்தனை கட்டங்களாகப் பங்கிட்டிருக்கின்றன என்று பாருங்கள். முதல் வரிசையில் க 4, ச 3, ட 2. க துண்டில் எங்கேயாவது ஓர் எண் இருந்தால், அது எத்தனை வரிசை தள்ளி இருந்தாலும், முதல் வரிசையில் நான்கு கட்டங்கள் அந்த எண்ணுக்கு மூடிவிடும்.

எடுத்துக்காட்டாக, (2,1) இல் 3, (4,5) இல் 3. முதலாவது க துண்டு, இரண்டாவது ச துண்டு. முதல் வரிசையில் க இன் நான்கும் ச இன் மூன்றும் மூடிவிட்டன. எனவே முதல் வரிசையின் 3 (1,8) அல்லது (1,9) இல்தான். இதே இரண்டு எண்களை வைத்துக்கொண்டு ட துண்டைத் துண்டுவழியில் பார்த்தவருக்கு என்ன கிடைக்கும்? (2,1) இரண்டாம் வரிசையை அடைக்கிறது, அவ்வளவுதான். (4,5) ட துண்டைத் தொடுவதே இல்லை. ஐந்து கட்டங்கள் மிஞ்சும். வரிசைவழியில் இரண்டுதான்.

அதோடு நிற்கவில்லை. (1,8), (1,9) இரண்டுமே ட துண்டு. ஆக ட துண்டின் 3 அங்கேயே இருக்கிறது. மூன்றாம் வரிசையில் இருக்கும் அதன் மூன்று கட்டங்களுக்கும் 3 இல்லை. மூன்றாம் வரிசையில் க, ச, ட மூன்றுக்கும் 3 மூடிவிட்டதால், அந்த வரிசையின் 3 (3,2), (3,3), (3,6) என்ற மூன்றில் ஒன்று. தீர்வில் அது (3,3).

நான்காம் வரிசையில் இருந்த ஒரு 3 முதல் வரிசையில் வேலை செய்ததைக் கவனியுங்கள். சதுரப் பெட்டிகளில் ஓர் எண் தன் பட்டைக்கு வெளியே நேராகத் தொடுவது தன் வரிசை, நெடுவரிசையை மட்டும்தான். ஜிக்சாவில் துண்டு எங்கே நீள்கிறதோ அங்கெல்லாம் அதன் செல்வாக்கு போகும். அதனால்தான் ஒவ்வொரு எண்ணையும் வைத்தவுடன் அதன் வரிசை, நெடுவரிசையைப் பார்ப்பது போலவே, அதன் துண்டு தொடும் எல்லா வரிசைகளையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

எல்லா வரிசையும் இதற்கு ஒத்துவராது. துண்டுகள் குறைவாகப் பங்கிடும் வரிசைகள்தான் பலன் தரும். முதல் நெடுவரிசையில் க, ய என்று இரண்டே துண்டுகள். ஐந்தாம் நெடுவரிசையில் ச, ப, ர என்று மூன்று. ஆறாம் வரிசையில் ய, த, ர, ப, ம என ஐந்து துண்டுகள் புகுந்திருக்கின்றன. அதை இந்த வழியில் முடிக்க நிறைய எண்கள் தேவைப்படும்.

மிச்ச விதி

ஜிக்சா போடுகிறவர்கள் ஆங்கிலத்தில் 'லா ஆஃப் லெஃப்ட்ஓவர்ஸ்' என்று சொல்லும் விதி இது. கீழே உள்ள மூன்று வரிசைகளைப் பாருங்கள். அந்த 27 கட்டங்களில் ஒவ்வொரு எண்ணும் மூன்று முறை வரும். ய, ர, ல ஆகிய மூன்று துண்டுகளும் சேர்ந்து 27 கட்டங்கள். அதிலும் ஒவ்வொரு எண்ணும் மூன்று முறை. இரண்டுக்கும் பொதுவான 25 கட்டங்களை நீக்கிவிடுங்கள். ஒரு பக்கம், துண்டுகளில் இருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் (6,1), (6,3) மிஞ்சும். மறுபக்கம், வரிசைகளுக்குள் நுழைந்திருக்கும் ம துண்டின் (7,8), (7,9) மிஞ்சும். இரண்டு மிச்சங்களிலும் அதே எண்கள்தான் இருக்க முடியும்.

இதன் பலம் அடுத்த வரியில் தெரியும். (6,1) இல் 9, (7,8) இல் 2 என்று மட்டும் கொடுத்திருந்தால் போதும். இடது பக்க மிச்சத்தில் 9 இருக்கிறது, வலது பக்கத்திலும் இருந்தாக வேண்டும்; (7,8) இல் 2 இருப்பதால் (7,9) இல் 9. அதேபோல (6,3) இல் 2. முழுக்கட்டத்தில் வேறு ஓர் எண்கூட இல்லாவிட்டாலும் இந்த இரண்டும் உறுதி. துண்டுவழியிலோ வரிசைவழியிலோ இதே இரண்டு எண்களை வைத்து ஒரு கட்டத்தைக்கூட முடிக்க முடியாது.

ஒரே கட்டத்தை மூன்று வழியிலும் முடித்துப் பார்க்கலாம். (6,1) காலியாக இருக்கிறது, அங்கே 9 வர வேண்டும். துண்டுவழியில் ய துண்டைப் பார்த்தால், ஏழு, எட்டு, ஒன்பதாம் வரிசைகளில் 9 இருக்க வேண்டும்: (7,9), (8,7), (9,4). மூன்று எண்கள். வரிசைவழியில் ஆறாம் வரிசையைப் பார்த்தால், த, ர, ப, ம நான்கு துண்டுகளிலும் 9 தெரிந்திருக்க வேண்டும்: (4,3), (9,4), (5,6), (7,9). நான்கு எண்கள். மிச்ச விதியில் (7,9) இல் 9 என்றால் (6,1) அல்லது (6,3) இல் 9; (9,4) இல் 9 இருப்பதால் ர துண்டின் (6,3) இல் அது வராது. இரண்டே எண்களில் முடிந்தது.

மிச்ச விதி எண்களை வைக்க மட்டும் உதவுவதில்லை. மேல் மூன்று வரிசைகளை க, ச, ட துண்டுகளோடு ஒப்பிட்டால், நீட்டியவை (4,1), (5,1), (4,5). நுழைந்தவை (3,2), (3,3), (3,6). நுழைந்த மூன்றும் ஒரே வரிசையில் இருப்பதால் மூன்றும் வேறு வேறு எண்கள். எனவே நீட்டிய மூன்றும் வேறு வேறுதான். (5,1) உம் (4,5) உம் ஒரே வரிசையோ நெடுவரிசையோ துண்டோ அல்ல. ஆனாலும் அவற்றில் ஒரே எண் வர முடியாது. வேறு எந்தத் தேடலும் இதைச் சொல்லாது.

எங்கெங்கே வெட்டிப் பார்ப்பது? ஒவ்வொரு வரிசைக்குக் கீழும் ஒரு வெட்டு என்று 8, நெடுவரிசைகளுக்கு இடையில் 8, மொத்தம் 16 வெட்டுகள். மேலிருந்து பார்த்தாலும் கீழிருந்து பார்த்தாலும் ஒரே வெட்டில் ஒரே மிச்சம்தான் கிடைக்கும், இரண்டு முறை செய்யத் தேவையில்லை. வெட்டின் ஒரு பக்கத்தில் எத்தனை வரிசைகள் இருக்கின்றனவோ அத்தனை துண்டுகளை, அந்தப் பக்கத்தில் அதிகக் கட்டங்கள் கொண்டவையாகப் பார்த்து எடுக்க வேண்டும். மிச்சம் மூன்று கட்டத்துக்குள் இருந்தால் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு என்றால் நினைவில் வைத்தால் போதும். ஐந்தோ அதற்கு மேலோ என்றால் விட்டுவிடுங்கள். அது உதவ வேண்டுமானால் கட்டம் பாதிக்கு மேல் நிரம்பியிருக்க வேண்டும்.

நம் அமைப்பில் 16 வெட்டுகளில் ஐந்துதான் மூன்றுக்குள் வருகின்றன. மூன்றாம் வரிசைக்குக் கீழும் ஆறாம் வரிசைக்குக் கீழும் உள்ளவற்றைப் பார்த்துவிட்டோம். மூன்றாம் நெடுவரிசைக்கு அடுத்த வெட்டில் (1,4), (4,4), (5,4) ஒரு பக்கம், (2,3), (6,3), (7,3) மறுபக்கம். ஐந்தாம் நெடுவரிசைக்கு அடுத்து (1,6), (1,7), (9,6) ஒரு பக்கம், (5,5), (6,4), (6,5) மறுபக்கம். ஆறாம் நெடுவரிசைக்கு அடுத்து (2,6), (7,6), (8,6) ஒரு பக்கம், (1,7), (4,7), (5,7) மறுபக்கம். இதில் (6,3) இரண்டு வெட்டுகளில் வருகிறது. அந்த மாதிரிக் கட்டத்தில் ஓர் எண் விழுந்தால் இரண்டு இடங்களில் வேலை நடக்கும்.

இந்த வழியில் நடக்கும் தப்பு பெரும்பாலும் எண்ணிக்கையில்தான். நீட்டிய ஒரு கட்டத்தை விட்டுவிடுவார்கள், அல்லது மூன்று வரிசைகளுக்கு நான்கு துண்டுகளை எடுத்துவிடுவார்கள். இரண்டு பக்க மிச்சமும் எண்ணிக்கையில் சமமாக இருக்கிறதா என்று பார்த்தால் உடனே தெரிந்துவிடும். சமமில்லை என்றால் வெட்டையே மறுபடி எண்ணுங்கள். இன்னொரு தப்பு, மிச்சத்தில் எப்போதும் வேறு வேறு எண்கள்தான் இருக்கும் என்று நினைத்துவிடுவது. இரு பக்கத்திலும் கட்டங்கள் சிதறிக் கிடந்தால் ஒரே எண் இரண்டு முறை வரலாம். அப்போது மறுபக்கத்திலும் அது இரண்டு முறை வரும். ஏதாவது ஒரு பக்கத்துக் கட்டங்கள் முழுவதும் ஒரே வரிசையிலோ நெடுவரிசையிலோ துண்டிலோ இருந்தால்தான் வேறு வேறு என்று சொல்லலாம்.

எதை எப்போது எடுப்பது

அமைப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், கொடுத்திருக்கும் எண்களைப் பார்த்து அல்ல. துண்டுகள் சதுரத்துக்கு நெருக்கமாக இருந்தால் வெட்டுகளில் மிச்சம் குறைவாக இருக்கும், மிச்ச விதிக்கு நல்ல வேட்டை. பழைய பழக்கம் மிக ஆபத்தாக இருக்கும் அதே அமைப்புகளில்தான் இது மிக நன்றாக வேலை செய்கிறது. அங்கே முதல் எண்ணைத் தொடுமுன் 16 வெட்டுகளையும் பார்த்துவிடலாம். துண்டுகள் நீளமாக, மெல்லியதாக, கட்டம் முழுக்க ஓடினால் வெட்டுகளில் ஐந்து ஆறு என்று மிஞ்சும்; நேரம் வீண். அங்கே ஒரு வரிசையில் ஒரே துண்டுக்கு ஐந்து ஆறு கட்டங்கள் கிடக்கும் என்பதால் முதுகெலும்பைப் பிடித்துத் துண்டுவழியிலும், இரண்டு மூன்று துண்டுகளே பங்கிடும் வரிசைகளில் வரிசைவழியிலும் போவது வேகம். ஒன்பது கட்டங்களை ஒட்டிச் செய்யக்கூடிய வடிவங்கள், திருப்பிப் போட்டவற்றையும் கவிழ்த்துப் போட்டவற்றையும் ஒன்றாகவே எண்ணினாலும், 1,285 இருக்கின்றன. அதனால் எல்லா அமைப்புக்கும் பொருந்தும் ஒரே வரிசைமுறை என்று ஒன்றைப் பழகிக்கொள்வதில் பயனில்லை.

கொடுத்திருக்கும் எண்கள் குறைவாக இருப்பதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். சாதாரண சுடோகுவில் 17 எண்களுக்குக் குறைவாகக் கொடுத்து ஒரே தீர்வு வரும் புதிர் செய்ய முடியாது என்று டப்ளினில் கேரி மெக்குவயர் குழுவினர் 2012இல் கணினி வழியாக நிறுவினார்கள். அந்த வரம்பு ஜிக்சாவுக்குப் பொருந்தாது, 17க்குக் குறைந்த எண்களோடு ஜிக்சாப் புதிர்கள் வருகின்றன. துண்டுகளின் வடிவமே தகவல் தருவதுதான் காரணம். எண்களை மட்டும் பார்த்துத் தேடுகிறவருக்கு அந்தத் தகவல் போய்ச் சேராது.

செயலியில் போடுகிறவர்களுக்கு நிலைமை கொஞ்சம் வேறு. ஒரு கட்டத்தைத் தொட்டதும் அதன் வரிசையும் நெடுவரிசையும் துண்டும் நிறம் மாறிக் காட்டும் செயலிகளில் எல்லைக்கோட்டுத் தப்பு குறைவு. சாத்தியமான எண்களைத் தானே நிரப்பித் தரும் வசதியும் பலவற்றில் உண்டு. காகிதத்தில் 81 கட்டத்திலும் எழுதிக் கொண்டிருப்பதை விட அது வசதிதான். ஆனால் அந்தப் பட்டியல் நேராக மோதும் கட்டங்களை மட்டும் பார்த்துத் தயாராவது. (7,8), (7,9) இரண்டும் (6,1), (6,3) ஓடு கட்டுண்டு கிடப்பது அதில் தெரியாது. ஆறாம் வரிசையில் அந்த இரண்டு கட்டங்களுக்கும் 2, 9 என்று பட்டியல் சுருங்கிய பிறகும், ஏழாம் வரிசையில் ஐந்தாறு எண்கள் அப்படியே நிற்கும். நீங்களே போய் அழிக்க வேண்டும். அழித்தவுடன் ம துண்டில் மற்ற ஏழு கட்டங்களிலிருந்தும் 2 உம் 9 உம் போகும். ஏழாம் வரிசையில் (7,1) முதல் (7,7) வரைக்கும் போகும்.

காகிதத்தில் போடுகிறவர் முழுப் பட்டியல் எழுதுவதை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடலாம். முதலில் எல்லை தீட்டுங்கள், வெட்டுகளைப் பாருங்கள், மூன்றுக்குள் வரும் மிச்சங்களின் இரு பக்கக் கட்டங்களிலும் மூலையில் ஒரே குறியை இடுங்கள். ஒரு வெட்டுக்கு ஒரு புள்ளி, இன்னொன்றுக்கு ஒரு சிறு வட்டம் என்று. பிறகு முதுகெலும்புக் கோடுகளில் துண்டுவழி, அடுத்து துண்டு குறைந்த வரிசைகளில் வரிசைவழி. குறியிட்ட கட்டத்தில் எண் விழும் ஒவ்வொரு முறையும், செய்துகொண்டிருப்பதை நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கக் குறிகளைப் போய்ப் பாருங்கள். இதற்கு மேலும் நகராவிட்டால், மிச்சம் காலியாக இருக்கும் துண்டுகளில் மிக நிரம்பியது எதுவோ அதில் மட்டும் சாத்தியமான எண்களை எழுதத் தொடங்கலாம்.